முதுகோரம் வளையும் கோடுகள்: அட்டவணைப் பக்கத்தை எழுத்துணரிக்குக் கொடுக்குமுன் நிமிர்த்துவது

திருக்கோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டில் பழைய பஞ்சாங்கங்கள் பத்தாண்டுக்கு ஒரு கட்டாகத் தைத்து, கனத்த மட்டை போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மாத அட்டவணைகளை, படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருளான எழுத்துணரி மூலம் கணினியில் ஏற்றினால் திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் தேடிப் பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். வீட்டுக்கார ஐயா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், ஒன்றைத் தவிர: "தம்பி, கட்டைப் பிரிக்க மட்டும் கேளாதேங்கோ." அவர் சொன்னது சரி. அந்தத் தையல் ஒருமுறை அவிழ்ந்தால் அந்தத் தாள்களை மறுபடி ஒழுங்காகக் கட்ட முடியாது. ஆகவே புத்தகத்தை விரித்து, மேலே இருந்து போன் கமெராவால் படம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த படங்களில் பக்கத்தின் வெளி ஓரம் தட்டையாகத் தெரியும். தாள்களைச் சேர்த்துத் தைத்த முதுகை நெருங்க நெருங்கத் தாள் பள்ளத்துக்குள் இறங்கும், அட்டவணையின் கோடுகளும் அதோடு வளையும்.

இந்த வளைவு ஏன் வருகிறது, எவ்வளவு வருகிறது, அதை எப்படி எடுப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். கட்டுரை முழுக்க ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொள்வோம். இடப்பக்கம், அதாவது முதுகு வலக்கைப் பக்கம். 31 நாளுள்ள மாதம், தலைப்போடு சேர்த்து 32 நிரை. ஒரு நிரையின் உயரம் 5.5 மி.மீ., அட்டவணையின் மொத்த உயரம் 176 மி.மீ., அகலம் 120 மி.மீ. பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களும் வழக்கமான ஒழுங்கிலே வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று நிற்பதால், கரணம் முதுகோடு ஒட்டிய கடைசி 10 மி.மீ. நிரலுக்குள் விழுகிறது. வெளி ஓரத்திலிருந்து 80 மி.மீ. வரை தாள் தட்டை. மிச்சம் 40 மி.மீ. வளைந்து இறங்குகிறது, அட்டவணையின் கடைசி நிலைக்கோடு தட்டையான பகுதியைவிட 20 மி.மீ. தாழ்வாக இருக்கிறது. தடித்த கட்டொன்றில் இது சாதாரணம்.

முதலில் ஒரு கேள்வி. தாள் பள்ளத்துக்குள் இறங்கினால் கிடைக்கோடு ஏன் வளைய வேண்டும்? நேர் மேலே இருந்து பார்க்கும்போது இறங்கும் கோடும் நேராகத்தானே தெரிய வேண்டும்?

கமெரா முடிவில்லாத தூரத்தில் இருந்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் கமெரா கிட்ட இருக்கிறது, கிட்ட இருக்கும் கமெராவுக்குத் தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரியும். கமெரா 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். தட்டையான பகுதி 40 செ.மீ. தூரம், முதுகோரம் 42 செ.மீ. தூரம். ஆகவே முதுகோரத்தில் எல்லாமே 40/42 மடங்காகச் சுருங்கும். கமெராவுக்கு நேர் கீழே உள்ள நடுப்புள்ளியை நோக்கித்தான் இந்தச் சுருக்கம் நடக்கிறது. அட்டவணையின் உச்சிக்கோடு நடுவிலிருந்து 88 மி.மீ. மேலே இருக்கிறது. அது முதுகோரம் வரும்போது 88 × 2/42, அதாவது 4.2 மி.மீ. கீழே இறங்கித் தெரியும். அடிக்கோடு அதே அளவு மேலே ஏறித் தெரியும். நடுக்கோடோ அசையாது.

எழுத்துணரிக்கு வரும் சிக்கல் முழுவதும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. மேல்பாதியில் கோடுகள் முதுகோரம் கீழ்நோக்கி வளைகின்றன, கீழ்ப்பாதியில் மேல்நோக்கி வளைகின்றன, நடுவில் நேராக நிற்கின்றன. கரண நிரலின் எழுத்துகள் நிரலின் நடுவில் நிற்பதால் அவற்றுக்குத் தாழ்வு 20 மி.மீ. இல்லை, கிட்டத்தட்ட 16 மி.மீ. மேல் நிரையில் அது 3.3 மி.மீ. நகர்வாகிறது. நிரையின் பாதி 2.75 மி.மீ. நகர்வு அதைத் தாண்டினால் எழுத்து தன் நிரையைவிட அடுத்த நிரைக்கே கிட்ட நிற்கும். கோட்டைப் பார்க்காமல் "ஒரே உயரத்தில் நிற்பவை ஒரே நிரை" என்று கூட்டும் எந்த எழுத்துணரியும் அதை அடுத்த நாளோடு சேர்த்துவிடும்.

நமது பக்கத்தில் விளைவு இப்படி இருக்கும். "கரணம்" என்ற தலைப்புச் சொல் முதலாம் நாளின் கட்டத்தில் வந்து உட்காரும். முதலாம் நாளின் கரணம் இரண்டாம் நாளுக்கும், இரண்டாம் நாளின் கரணம் மூன்றாம் நாளுக்கும் போகும். மூன்றாம் நாளின் கரணம் தன் இடத்திலேயே நிற்பதால் அந்தக் கட்டத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். பக்கத்தின் அடியில் இதே கூத்து எதிர்த் திசையில் நடக்கும்: 31ஆம் நாள் 30க்கும், 30 29க்கும், 29 28க்கும் ஏறி, 28ஆம் நாளில் இரண்டு பெயர்கள், 31ஆம் நாளில் வெற்றிடம். இடையில் உள்ள நாட்கள் எல்லாம் சரியாகவே இருக்கும்.

அதனால்தான் பக்கத்தின் நடுவில் நாலு நிரையைப் பார்த்து "எல்லாம் சரி" என்று விடுவது ஆபத்து. நடு நிரைகள் எப்போதும் சரியாகத்தான் வரும். பார்க்க வேண்டியது முதல் மூன்று நிரையையும் கடைசி மூன்று நிரையையும், அதுவும் முதுகோர நிரலில். தலைப்பு ஒரு கட்டம் கீழே இறங்கியிருக்கிறதா, ஒரே கட்டத்தில் இரண்டு பெறுமதி இருக்கிறதா, கடைசிக் கட்டம் வெறுமையா என்ற மூன்றும் இந்த வளைவின் கைரேகை.

கணினியைத் தொடுமுன் படம் எடுக்கும் முறையிலேயே வளைவைக் குறைக்கலாம். மேலே உள்ள கணக்கில் தூரத்தை மாற்றிப் பாருங்கள். போனின் முதன்மை வில்லை அகலமாகப் பார்க்கும் வில்லை. இந்த அளவுப் பக்கத்தால் படத்தை நிரப்ப அதைக் கிட்டத்தட்ட 20 செ.மீ. வரை இறக்க வேண்டி வரும். அப்போது உச்சிக்கோட்டின் வளைவு 88 × 2/22, அதாவது 8 மி.மீ. ஒன்றரை நிரை! கரண நிரலில் மேலே ஒன்பது, கீழே ஒன்பது நிரைகள் இடம் மாறும். அதே பக்கத்தை இரட்டை ஸூம் வில்லையால் 40 செ.மீ. உயரத்தில் இருந்து எடுத்தால் 4.2 மி.மீ. இன்னும் விலகி 80 செ.மீ.க்குப் போனால் 2.1 மி.மீ., பாதி நிரைக்கும் குறைவு.

அப்படியானால் 80 செ.மீ.யிலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு தட்டுப்பாடு வருகிறது. இரட்டை ஸூமில் 40 செ.மீ.யில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 16 பிக்சல் கிடைக்கும். 80 செ.மீ.யில் அது 8 ஆகிவிடும். டெசரக்ட் போன்ற எழுத்துணரிகள் அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது மில்லிமீற்றருக்கு 12 பிக்சலாவது இருந்தால்தான் நன்றாக வாசிக்கும். பஞ்சாங்கத்தின் பொடி எழுத்துக்கு 8 போதாது. புள்ளி வைத்த மெய்க்கும் வைக்காத உயிர்மெய்க்கும் வித்தியாசம் அழிந்துபோகும். ஆகவே 40 செ.மீ.யில் எடுத்து, மிச்ச வளைவைக் கணினியில் எடுப்பதுதான் நல்ல நடுவழி.

படம் எடுக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். வெளிச்சம் முதுகின் நீளவாக்கில் வர வேண்டும், அதாவது புத்தகத்தின் தலைப்பக்கம் யன்னலைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இருந்து வந்தால் ஒரு பக்கத்தின் புடைப்பு நடுப்பள்ளத்தில் நிழல் போட்டுவிடும், அங்கேதான் நமக்குக் கோடு தெளிவாக வேண்டும். மற்றது, இரு பக்கத்தையும் ஒரே படத்தில் எடுக்காமல் பக்கத்துக்கு ஒரு படமாக எடுங்கள். எதிர்ப்பக்க மட்டைக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி அதைச் சாய்த்து நிறுத்தி, புத்தகத்தை முழுவதும் மல்லாத்தாமல் பாதி திறந்த நிலையில் வைத்தால், எடுக்கும் பக்கம் முதுகு வரை கொஞ்சம் தட்டையாகவே கிடக்கும். பழைய தையலுக்கும் அது நல்லது. மேலே கண்ணாடி வைத்து அமுக்குவோரும் உண்டு. தாள் உறுதியாக இருந்தால் செய்யலாம், நொறுங்கும் தாளில் வேண்டாம்.

இனித் திருத்தம். பலர் முதலில் செய்வது, போனில் உள்ள ஸ்கேன் செயலியில் அட்டவணையின் நாலு மூலையைத் தொட்டுக் கொடுப்பது. கமெரா சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை அது எடுக்கும். வளைவை எடுக்காது, எடுக்கவும் முடியாது. நாலு மூலையை வைத்துச் செய்யும் அந்த மாற்றம் நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும், வளைகோட்டையும் வளைகோடாகவே வைத்திருக்கும். நமக்கு வேண்டியது இடத்துக்கு இடம் வேறுபடும் திருத்தம்: தட்டையான பகுதியை அப்படியே விட்டு, முதுகோரத்தை மட்டும் இழுத்து விடுவது.

அதற்குத் தாளின் ஒரு குணம் கைகொடுக்கிறது. பாயை ஒரு பக்கமாகச் சுருட்டினால் குறுக்கே வளையும், நீளவாக்கில் நேராகவே நிற்கும். முதுகோரத் தாளும் அப்படித்தான். முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடும் எந்தக் கோடும் வளைவதில்லை. படத்தில் உங்கள் அட்டவணையின் நிலைக்கோடுகளில் அளவுகோலை வைத்துப் பாருங்கள், நேராகவே இருக்கும். வளைவது கிடைக்கோடு மட்டுந்தான்.

இதிலிருந்து ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. கமெரா சாயாமல் பக்கத்துக்கு நேர் மேலே இருந்தால், ஒரு நிலைக்கோட்டின் எல்லாப் புள்ளிகளும் கமெராவிலிருந்து ஒரே ஆழத்தில் இருக்கும். ஆகவே உச்சிக்கோடும் அடிக்கோடும் படத்தில் எங்கே போகின்றன என்று தெரிந்தால் போதும். இடையில் உள்ள 31 கோடுகளும் அவ்விரண்டுக்கும் நடுவே சம பங்காகவே விழும். பக்கம் முழுவதையும் நிமிர்த்த இரண்டே கோடுகள் போதும்.

வெறும் வசனம் உள்ள பக்கங்களில் இந்தக் கோடுகள் இல்லை. அங்கே மென்பொருள் எழுத்து வரிகளின் அடியை வைத்து வளைவை ஊகிக்கும். அட்டவணையில் அந்த வழி சரிப்படாது. கட்டத்துக்குள் இரண்டு மூன்று எழுத்துதான் இருக்கும், நீண்ட வரி கிடைக்காது. ஆனால் அட்டவணை நமக்கு அச்சிட்ட கோட்டையே தருகிறது. அச்சடித்த அன்று அது நேராக இருந்தது என்பது நிச்சயம். இன்று எவ்வளவு வளைந்து தெரிகிறதோ அவ்வளவும் தாளின் வளைவுதான்.

தொடங்குபவர்கள் இந்த இரண்டு கோட்டையும் கையால் குறிப்பதே நல்லது. படத்தை கிம்ப் போன்ற ஏதாவது மென்பொருளில் திறந்து, கோட்டின் மேல் சுட்டியை வைத்தால் அந்த இடத்தின் ஆயத்தொலைவுகள் கீழே தெரியும். தட்டையான பகுதியில் மூன்று புள்ளி போதும், வளையும் பகுதியில் நெருக்கமாக நாலு எடுங்கள். உச்சிக்கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் ஒரே x இடங்களில் குறிக்க வேண்டும். நமது பக்கத்தின் புள்ளிகள், பைதான் மொழியில் எழுதிய கணினி நிரலுக்குள், இவை:

```python
import cv2
import numpy as np
from scipy.interpolate import PchipInterpolator

img = cv2.imread("pakkam.jpg")
px  = [552, 1152, 1832, 1988, 2128, 2237, 2309]
mel = [608, 608, 608, 613, 627, 648, 675]
kiz = [3424, 3424, 3424, 3419, 3405, 3384, 3357]

x = np.arange(px[0], px[-1] + 1)
top = PchipInterpolator(px, mel)(x)
bot = PchipInterpolator(px, kiz)(x)
h = bot - top
```

`mel` உச்சிக்கோடு, `kiz` அடிக்கோடு. படத்தில் y கீழ்நோக்கிக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். உச்சிக்கோடு 608இல் தொடங்கி முதுகோரம் 675க்கு இறங்குகிறது. 67 பிக்சல், அதாவது மேலே கணக்கிட்ட அதே 4.2 மி.மீ. அடிக்கோடு அதே 67 பிக்சல் மேலே ஏறுகிறது. `PchipInterpolator` புள்ளிகளை மென்மையாக இணைக்கும், ஆனால் புள்ளிகளைத் தாண்டி அலையாகப் புடைக்காது. சாதாரண பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தினால் தட்டையான பகுதியிலும் மெல்லிய அலை வந்துவிடும், அதனால்தான் இதை எடுத்தேன்.

இத்தோடு கோடுகளை நேராக்கிவிடலாம். ஆனால் இன்னொரு கோளாறு மிஞ்சும், அதைப் பலர் கவனிப்பதில்லை. முதுகோரம் தாள் 60 பாகைக்கு மேல் சரிந்து நிற்கிறது. சரிந்த தாளை மேலிருந்து பார்த்தால் அகலம் பாதிக்கும் கீழாகச் சுருங்கும். நமது படத்தில் கரண நிரல் 2237இல் இருந்து 2309 வரை, 72 பிக்சல் மட்டுமே. 10 மி.மீ. அகலத்துக்கு 160 பிக்சல் இருக்க வேண்டும். கோடுகளை மட்டும் நேராக்கினால் கோடு நேராக இருக்கும், எழுத்துகளோ ஒடுங்கி நெட்டையாக நிற்கும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி 'ன' போலத் தெரியும். கரணம் என்ற பெயருள்ள நிரலிலேயே இது நடப்பது வேதனை.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எங்கிருந்து அறிவது? அந்தக் கேள்விக்கும் விடை இதே இரண்டு கோட்டிடம்தான். தட்டையான பகுதியில் உச்சிக்கும் அடிக்கும் இடையே 2816 பிக்சல். முதுகோரத்தில் 2682. அட்டவணையின் உயரம் உண்மையில் மாறவில்லை, தூரந்தான் கூடியிருக்கிறது. 2816-ஐ 2682ஆல் வகுத்து 400 மி.மீ.ஆல் பெருக்கினால் 420 மி.மீ. வருகிறது. இப்படி ஒவ்வொரு x-இலும் இரண்டு கோட்டுக்கும் இடையிலான இடைவெளியே அந்த இடத்தின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. ஆழம் தெரிந்தால் தாள் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு இறங்கியது என்ற இரண்டும் தெரியும். பிதாகரஸ் தேற்றத்தால் தாளின் வழியே உள்ள உண்மையான நீளமும் கிடைத்துவிடும்.

```python
depth = h[0] / h * 400
X = (x - 1512) * depth / 6400
step = np.hypot(np.diff(X), np.diff(depth))
s = np.concatenate(([0], np.cumsum(step)))

W, H = int(s[-1] * 16), int(h[0])
u = np.interp(np.arange(W) / 16, s, x)
t, b = np.interp(u, x, top), np.interp(u, x, bot)
v = np.linspace(0, 1, H)[:, None]

map_x = np.repeat(u[None, :], H, 0).astype(np.float32)
map_y = (t + v * (b - t)).astype(np.float32)
out = cv2.remap(img, map_x, map_y, cv2.INTER_CUBIC)
cv2.imwrite("nimirntha.png", out)
```

இதில் நீங்கள் உங்கள் படத்துக்கேற்ப மாற்ற வேண்டிய எண்கள் நாலு. 400 என்பது கமெராவின் உயரம் மில்லிமீற்றரில், நாடாவால் அளந்தது. 16 என்பது தட்டையான பகுதியில் ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை பிக்சல் என்பது. தாளில் அளவுகோலால் ஒரு நிரலை அளந்து, படத்தில் அதே நிரலின் பிக்சல் அகலத்தை அதால் வகுத்தால் கிடைக்கும். 6400 அந்த இரண்டின் பெருக்கம். 1512 படத்தின் நடு x. இந்தப் படத்தின் அகலம் 3024 பிக்சல் என்பதால் அதன் பாதி. படத்தை வெட்டியிருந்தால் இந்தப் பாதி பொருந்தாது, ஆகவே வெட்டாத மூலப்படத்திலேயே வேலை செய்யுங்கள்.

`remap` செய்வது எளிது. புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் "பழைய படத்தில் எந்த இடத்தில் இருந்து நிறத்தை எடுக்க வேண்டும்" என்று `map_x`, `map_y` சொல்கின்றன, அது எடுத்து நிரப்புகிறது. வெளிவரும் படத்தின் அகலம் 1920 பிக்சலுக்குக் கிட்ட இருக்கும், 120 மி.மீ. × 16. பழைய படத்தில் அதே அட்டவணை 1757 பிக்சல்தான். கூடிய பங்கு முழுவதும் முதுகோரத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் படத்தில் இந்த அகலம் தாளில் அளந்த அகலத்தோடு ஒத்துவரவில்லை என்றால் கமெரா உயரத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள் அல்லது முதுகோரப் புள்ளிகள் கோட்டில் இல்லை. அங்கே இரண்டு மூன்று பிக்சல் பிசகினாலும் ஆழக் கணக்கு ஆடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. 72 பிக்சலை 160 ஆக இழுப்பதால் எழுத்தின் வடிவம் திரும்பும், படத்தில் பதியாத விவரம் திரும்பாது. முதுகோரத்தில் கிடையாக ஒரு மில்லிமீற்றருக்கு 7 பிக்சல் அளவில்தான் கமெரா பதிந்திருக்கிறது. அங்கே எழுத்து மங்கலாக இருந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல், மட்டையின் சாய்வைக் கூட்டி, தாளின் சரிவைக் குறைத்து இன்னொரு படம் எடுப்பதே வழி.

நிமிர்ந்த படத்தைச் சோதிக்க, உயரத்தை 32ஆல் வகுத்து 88 பிக்சலுக்கு ஒரு மெல்லிய சிவப்புக் கோடு போட்டுப் பாருங்கள். அச்சுக்கோடும் சிவப்புக் கோடும் முழு அகலத்திலும் மூன்று நாலு பிக்சலுக்குள் ஒட்டி ஓட வேண்டும். உச்சியும் அடியும் நாம் குறித்தவை என்பதால் அவை எப்படியும் ஒட்டும். அவற்றைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. பார்க்க வேண்டியது எட்டாம், இருபத்துநாலாம் கோடுகளை. அவை தட்டையான பகுதியிலேயே விலகினால் கமெரா சாய்ந்திருக்கிறது. அங்கே நாலு மூலைத் திருத்தத்துக்கு வேலை உண்டு: தட்டையான பகுதிக்குள் ஒரு செவ்வகத்தின் நாலு மூலையை எடுத்து முதலில் சாய்வை நீக்கி, பிறகு புள்ளிகளைப் புதிதாகக் குறிக்க வேண்டும்.

அவை நடுவில் அலையலையாக விலகினால் காரணம் வேறு. தாள் ஈரம் குடித்து இரு திசையிலும் நெளிந்திருக்கிறது. திருக்கோணமலையில் மாரி தொடங்கிவிட்டால், அதிலும் கடலோர வீடுகளில், அலுமாரிக்குள் இருக்கும் புத்தகமும் நெளியும். நெளிந்த தாளுக்கு "நீளவாக்கில் வளையாது" என்ற குணம் இல்லை, இரண்டு கோடு போதாது. அப்போது 33 கோடுகளையும் குறித்து, அடுத்தடுத்த இரண்டு கோட்டுக்கு இடையே மட்டும் பங்கிட வேண்டும். கச்சான் வீசும் காலத்தில் எடுத்தால் தாள் காய்ந்து தட்டையாக இருக்கும். விறாந்தையில் வைத்து எடுத்தால் அந்தக் காற்றே பக்கத்தைப் புரட்டும் என்பதால் அறைக்குள் எடுங்கள்.

33 கோட்டையும் கையால் குறிப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. தானாகத் தொடர ஓர் எளிய வழி உண்டு. கோட்டின் தட்டையான முனையில் தொடங்கி, ஒவ்வொரு பிக்சலாக முதுகை நோக்கி நகருங்கள். ஒவ்வொரு அடியிலும், முன்பு நின்ற உயரத்திலிருந்து மேலே மூன்று, கீழே மூன்று பிக்சலுக்குள் மிகக் கறுத்த இடத்தை எடுங்கள். நமது பக்கத்தில் கோடு மிகச் செங்குத்தாக இறங்கும் இடத்தில்கூட இரண்டு பிக்சல் நகர்ந்தால் ஒரு பிக்சல் அளவுதான் இறங்குகிறது, ஆகவே இந்தச் சாளரம் தாராளம். "நீண்ட கிடைக்கோட்டை எல்லாம் கண்டுபிடி" என்று கணினியிடம் பொதுவாகச் சொல்வதைவிட இது பாதுகாப்பானது. ட, ப, ம, ய போன்ற நமது எழுத்துகளுக்குத் தட்டையான அடி உண்டு. வரிசையாக நிற்கும்போது அந்த அடிகள் துண்டுக் கோடுகளாகவே கணினிக்குத் தெரியும். வளைந்து உடைந்த உண்மைக் கோட்டுக்கும் அவற்றுக்கும் அது வேறுபாடு காணாது.

கணினி நிரல் எழுத விரும்பாதவர்களுக்கு ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் வெளியீட்டுப் பகுதியில் வளைவு நீக்கத்தைக் கையால் செய்யும் வசதியைத் தெரிவு செய்தால் பக்கத்தின் மேல் ஒரு வலை வரும். வலையின் மேல் வளைவை இழுத்து உச்சிக்கோட்டிலும், கீழ் வளைவை அடிக்கோட்டிலும் பொருத்த வேண்டும். அடியில் இருப்பது இதே இரண்டு கோட்டு யோசனைதான். அதில் `Depth perception` என்றொரு நகர்த்தியும் உண்டு. கமெரா எவ்வளவு கிட்ட இருந்தது என்பதை அதற்கு நீங்கள் அதன் மூலம் சொல்கிறீர்கள். நிரல்களின் அகலம் தாளில் உள்ளபடி வரும்வரை அதை நகர்த்துங்கள்.

படம் நிமிர்ந்ததும் கட்டம் கட்டமாக வெட்டி எழுத்துணரிக்குக் கொடுங்கள். வெட்டும்போது ஒவ்வொரு ஓரத்திலும் ஐந்தாறு பிக்சல் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். நிலைக்கோட்டின் மை ஒட்டிக்கொண்டு வந்தால் எழுத்துணரி அதை 1 என்றோ துணைக்கால் என்றோ வாசிக்கக்கூடும். ஒரு கட்டத்தில் ஒரே வரிதான் இருப்பதால் டெசரக்டுக்கு அதைச் சொல்லிவிடலாம்:

```
tesseract kattam.png vidai -l tam --psm 7
```

கடைசியாக, பஞ்சாங்கத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஒரு திதிக்கு இரண்டு கரணம், திதியின் முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று. எந்தத் திதிக்கு எவை என்பது மாறாது. அமாவாசை என்றால் சதுஷ்பாதம் அல்லது நாகவம், பௌர்ணமி என்றால் பத்திரை அல்லது பவம். அடுத்தடுத்த திதிகளுக்குப் பொதுவான கரணம் கிடையாது. திதி நிரல் தட்டையான பகுதியில் இருப்பதால் அதை நம்பலாம். கரண நிரல் முதுகோரம் இருப்பதால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முப்பது திதிக்கும் உரிய கரணங்களை ஒரு சிறு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு நிரையிலும் திதியும் கரணமும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரே திதி அடுத்தடுத்த இரண்டு நாளுக்கும் நிற்கும் இடம் தவிர, ஒரு நிரை நழுவினாலும் பொருத்தம் உடனே உடையும். பொருந்தாதவை முதல் மூன்று நிரையிலும் கடைசி மூன்று நிரையிலும் மட்டும் கூடி நின்றால் வளைவு இன்னும் முழுதாகப் போகவில்லை, முதுகோரப் புள்ளிகளைத் திரும்பக் குறியுங்கள். பக்கம் முழுக்கச் சிதறி நின்றால் கோடுகளில் பிழை இல்லை, அந்த எழுத்துகளை எழுத்துணரி தவறாக வாசித்திருக்கிறது.